நோயும் இறப்பும் தலைப்பில் வரும்போது: மஞ்சள் குறி, வயது வரம்பு, தேடலில் காணாமல் போதல்

பள்ளத்தூரிலிருந்து யூடியூபில் சமையல் வீடியோ போடும் ஆச்சி ஒருவர், கணவர் இறந்த பிறகு அடுப்படியை விட்டு வளவில் உட்கார்ந்து ஒரு வீடியோ பேசினார். கன்னத்தின் உட்புறம் வந்த சிறிய புண்ணில் தொடங்கி, எட்டு மாதத்தில் முடிந்துபோன வாய்ப் புற்றுநோயின் கதை அது. பேச்சில் குறையே இல்லை. எந்த நாளில் புண்ணைப் பார்த்தார்கள், எத்தனை நாள் வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டதாக நினைத்துத் தள்ளிப்போட்டார்கள் என்று எல்லாம் வரிசையாகச் சொல்லியிருந்தார். தலைப்பை மட்டும் பேரன் வைத்திருந்தான்.

ஒரு மாதத்துக்குள் அந்த வீடியோ மூன்று தலைப்புகளைக் கண்டது.

முதல் தலைப்பு: "வாயெல்லாம் அழுகி என் கண் முன்னே துடிதுடித்து உயிர் விட்டார்". விளம்பரத்தைக் குறைத்துவிட்டதைக் காட்டும் மஞ்சள் குறி விழுந்தது. நோயின் பெயரை எழுதினால் விளம்பரம் நின்றுவிடும் என்று யாரோ சொல்ல, இரண்டாவது தலைப்பு வந்தது: "பு*று*நோ* எங்கள் வீட்டுக்கு வந்த கதை". மஞ்சள் போகவில்லை, தேடலில் வருவதும் நின்றது. மூன்றாவதாக, வீட்டில் அச்சடித்த இரங்கல் அறிவிப்பில் இருந்த சொல்லையே எடுத்து, "ஐயா சிவபதவி அடைந்த கதை" என்று மாற்றினார்கள். அப்போதும் மஞ்சள் அப்படியே இருந்தது, நோயின் பெயரைத் தேடிப் பார்த்தவர்கள் யாருக்கும் வீடியோ கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் காரைக்குடியில் என்னிடம் வந்தார்கள்.

இந்த மூன்று தலைப்புகளுக்குள்ளேயே இந்த விஷயத்தில் வரக்கூடிய கோளாறுகளில் பெரும்பகுதி இருக்கிறது. யூடியூபை வைத்தே எழுதுகிறேன். செட்டிநாட்டில் எனக்குத் தெரிந்து வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் போடுகிறார்கள்.

முதலில்: வந்திருப்பது எது என்று பாருங்கள்

"வீடியோவை முடக்கிவிட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு நேர்ந்திருப்பது பெரும்பாலும் முடக்கமே இல்லை. `YouTube Studio`வில் `Content` பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் எதிரே `Monetization`, `Restrictions` என்ற இரண்டு நிரல்கள் இருக்கும். முதல் நிரலில் மஞ்சள் டாலர் குறி இருந்தால், எல்லா விளம்பரதாரருக்கும் ஏற்றதல்ல என்று கருதி விளம்பரத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். வீடியோவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டாவது நிரலில் வயது வரம்பு என்று இருந்தால் விஷயம் வேறு. கணக்கில் நுழையாதவர்களும் 18 வயது நிரம்பாதவர்களும் பார்க்க முடியாது. இரண்டும் சரியாக இருந்தும் ஆள் வரவில்லை என்றால் அது தடையே இல்லை. தேடுகிறவரின் சொல்லும் உங்கள் சொல்லும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆச்சியின் வீடியோவில் முதல் நிரல் மஞ்சள், இரண்டாவது காலி. ஆகவே அவருக்கு இருந்தவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைத் தாங்களே உண்டாக்கியிருந்தார்கள்.

அறிகுறி: மஞ்சள் குறி விழுந்திருக்கிறது

பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று: விளம்பரதாரருக்கான வழிகாட்டு விதிகளில் "நோய்" என்று ஒரு தலைப்பே கிடையாது. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், இறப்பு ஆகிய சொற்கள் தம்மளவில் குற்றமுள்ளவை அல்ல. விதிகள் தேடுவது அதிர்ச்சியூட்டும் காட்சியை. திறந்த புண், ரத்தம், உயிர் பிரியும் கணம் போன்றவற்றை முன்னிறுத்திக் காட்டுவதும் வருணிப்பதும்தான் சிக்கல்.

முதல் தலைப்பை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். அதில் நோயின் பெயரே இல்லை! இருப்பவை "அழுகி", "துடிதுடித்து", "உயிர் விட்டார்" என்ற மூன்று வினைகள். மூன்றும் காட்சிகள். படிக்கிறவர் வீடியோவைத் திறக்கும் முன்பே அந்த அறைக்குள் நிறுத்தப்படுகிறார். நோயைப் பற்றிய ஒரே பயனுள்ள சொல்லை விட்டுவிட்டு, விதிகள் எதைத் தேடுகின்றனவோ அதை மட்டும் வைத்திருந்தது அந்தத் தலைப்பு.

நான் கடைப்பிடிப்பது இதுதான்: பெயர்ச்சொல்லை வையுங்கள், காட்சியை எடுங்கள். நோயின் பெயர், உறவின் பெயர், கால அளவு மூன்றும் தலைப்பில் இருக்கலாம். உடலுக்கு என்ன ஆயிற்று என்பது வீடியோவுக்குள் பேச்சாக வரட்டும். இறப்பைச் சொல்ல "இறந்தார்", "மறைவு" இரண்டும் போதும். "கடைசி நிமிடம்", "பிணம்", "சடலம்" ஆகியவை தலைப்புக்கு வேண்டாம்.

சரி, இரண்டாவது தலைப்பிலும் மூன்றாவதிலும் அந்தக் காட்சிகள் இல்லையே, மஞ்சள் ஏன் போகவில்லை? ஏனென்றால் முகப்புப் படத்தை யாரும் தொடவில்லை. கன்னத்துப் புண்ணை மிக அருகில் எடுத்த புகைப்படம் அது. மருத்துவரிடம் காட்டுவதற்காகக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தது. தலைப்பு, முகப்புப் படம், விவரப்பகுதி, வீடியோ எல்லாவற்றையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். அதில் படத்தின் குரல் உரத்தது. தலைப்பில் எழுத்து எழுத்தாகத் திருத்திக்கொண்டிருந்தவர்கள் படத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

படத்தை மாற்ற ஆச்சி எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்தப் புண்ணைப் பார்த்தால்தானே தம்பி நாலு பேர் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?" என்றார்.

"உள்ளே வையுங்கள் ஆச்சி. நீங்கள் புண்ணைப் பற்றிப் பேசும் இடத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டு, சில நொடிகள் காட்டலாம். வாசலில் மாட்டினால் உள்ளே வர வேண்டியவர்களே திரும்பிப் போய்விடுவார்கள்" என்றேன்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வாயில் புண் இருக்கிறதே என்று பயந்துகொண்டு தேடுகிறவர், முற்றிய புண்ணின் படத்தைப் பார்த்தால் "நமக்கு இந்த அளவுக்கு இல்லை" என்று நினைத்து நகர்ந்துவிடுவார். தொடக்க நிலைப் புண் அப்படி இருக்காது. முகப்பில் ஆச்சியின் முகமும், பக்கத்தில் கணவர் வைத்திருந்த வெற்றிலைப் பெட்டியுமாக வேறு படம் எடுத்தோம். அந்தப் பெட்டி அலங்காரத்துக்காக வைத்ததல்ல. புகையிலை மட்டுமல்ல, வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்திவிட்டது. புகையிலை போடவில்லை, பாக்குதானே என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய.

தலைப்பையும் படத்தையும் மாற்றிய பிறகுதான் `Request review` பொத்தானை அழுத்த வேண்டும். இந்த வரிசை முக்கியம். அந்தப் பொத்தான் வீடியோவை ஒரு மனிதரின் பார்வைக்கு அனுப்புகிறது. அவர் சொல்வது முடிவு, இரண்டாவது முறை கேட்க வழியில்லை. கோபத்தில் உடனே அழுத்திவிட்டு, நிராகரித்த பிறகு தலைப்பைத் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒற்றை வாய்ப்பைப் பழைய தலைப்புக்காகச் செலவழித்துவிடுகிறார்கள்.

அடுத்த வீடியோவுக்கு இந்த அலைச்சலே வேண்டாம் என்றால், வீடியோவை முதலில் `Private` ஆக ஏற்றுங்கள். ஏற்றும் படிகளில் `Checks` என்று ஒன்று வரும். விளம்பரத்துக்கு ஏற்றதா என்ற சோதனை அங்கேயே நடந்துவிடும். மஞ்சள் வந்தால், ஊர் பார்க்கும் முன்பே தலைப்பையும் படத்தையும் திருத்திக்கொள்ளலாம்.

அறிகுறி: குறி பச்சை, ஆனால் தேடினால் வரவில்லை

இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. கணக்கிலிருந்து வெளியே வந்து, அல்லது உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், உங்கள் தலைப்பை அப்படியே முழுதாகத் தேடுங்கள். பிறகு நோயின் பெயரையும் உங்கள் வீடியோவுக்கே உரிய இன்னொரு சொல்லையும் மட்டும் தேடுங்கள். முதல் தேடலில் வந்து இரண்டாவதில் வராவிட்டால் வீடியோவுக்குத் தடை எதுவும் இல்லை, தலைப்பின் சொற்கள்தான் தவறு. ஆச்சியின் வீடியோவுக்கு நடந்தது அதுவே. "ஐயா சிவபதவி அடைந்த கதை" என்று தேடினால் முதலிலேயே வந்தது. "வாய்ப் புற்றுநோய்" என்று தேடி எவ்வளவு கீழே போய்ப் பார்த்தும் இல்லை.

நட்சத்திரக் குறியால் வரும் கேடு இதில் முதலாவது. "பு*று*நோ*" என்பதை மனிதக் கண் சேர்த்துப் படித்துக்கொள்ளும். தேடல் பொறிக்கு அது பொருளற்ற துண்டுகள். நோயைத் தேடி வரும் ஒருவரும் நட்சத்திரம் போட்டுத் தேடுவதில்லை. மறைத்து எழுதினால் பரிசீலிக்கும் மனிதருக்கும், ஏதோ ஒளிக்கப்படுகிறது என்ற எண்ணம்தான் வரும். நோயின் பெயரை மறைத்ததால் மஞ்சள் பச்சையான ஒரு வீடியோவைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை.

இரண்டாவது, நம்முடைய இடக்கரடக்கல். புற்றுநோயை வீட்டுக்குள் "அந்த வியாதி" என்றுதான் சொல்கிறோம். பெயரைச் சொன்னால் அது காதில் விழுந்து வந்துவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். இறப்பை "சிவபதவி" என்கிறோம், "இறைவனடி சேர்ந்தார்" என்கிறோம். கேதம் கேட்க வருகிறவரிடம் பேசும்போது அந்தச் சொற்களுக்கு இருக்கும் மரியாதையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவை விவரப்பகுதியின் முதல் பத்தியில் இருக்கட்டும், ஆச்சியின் வாயிலும் இருக்கட்டும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, தூங்க முடியாமல் கைப்பேசியை எடுக்கிற ஒரு மருமகள் "சிவபதவி" என்று தட்டமாட்டாள். அவள் தட்டுவது இப்படித்தான் இருக்கும்:

```
வாயில் புண் ஆறவில்லை
வாய் கேன்சர் அறிகுறி
mouth cancer tamil
vai punnu
```

இது என் ஊகம் அல்ல. வீடியோ ஓரளவு ஓடியிருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: அந்த வீடியோவின் `Analytics`, அதில் `Reach`, அதில் `YouTube search`. எந்தச் சொற்களைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்று அங்கே வரிசையாக இருக்கும். கவனித்தால் ஒன்று புலப்படும். நோய் உறுதியாவதற்கு முன் தேடுகிறவர் அறிகுறியைத் தேடுகிறார், உறுதியான பின் நோயின் பெயரைத் தேடுகிறார். ஒரே தலைப்பில் இரண்டு பேரையும் பிடிக்கலாம்.

மூன்றாவது கேடு தமிழுக்கே உரியது. நம் சொற்கள் வேற்றுமை உருபைச் சேர்த்துக்கொண்டு உருமாறுகின்றன. "புற்றுநோயால்", "புற்றுநோயோடு", "புற்றுநோயிலிருந்து" எல்லாம் நமக்கு ஒரே சொல்தான். தேடுகிறவர் தட்டுவதோ பெரும்பாலும் "புற்றுநோய்" என்ற வெறும் சொல்லை. தேடல் பொறி இரண்டையும் இணைத்துப் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். அந்த நம்பிக்கையில் விட வேண்டாம் என்பது என் கருத்து. தலைப்பில் ஒரு முறையாவது நோயின் பெயர் உருபு ஏறாமல் தனியாக நிற்கட்டும். "வாய்ப்புற்றுநோய்" என்று ஒட்டி எழுதுவதைவிட "வாய்ப் புற்றுநோய்" என்று இடம்விட்டு எழுதினால் இரண்டாம் சொல் முழுதாகக் கண்ணுக்கும் பொறிக்கும் கிடைக்கும்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். தலைப்புக்கு 100 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. ஆனால் தமிழில் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். "புற்றுநோய்" நமக்கு ஐந்து எழுத்து, அங்கே பத்து. அதனால் நாம் நினைப்பதைவிட வேகமாக இடம் தீர்ந்துவிடும். கைப்பேசித் திரையில் நூறும் தெரியாது, வால் அறுந்து மூன்று புள்ளி நிற்கும். நோயின் பெயரை அந்த நூறின் முன்பாதிக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

இத்தனையையும் வைத்து ஆச்சியும் நானும் எழுதிய நான்காவது தலைப்பு:

```
வாயில் ஆறாத புண்: கணவரின் வாய்ப் புற்றுநோய், எட்டு மாதங்கள்
```

அறிகுறி முதலில், நோயின் பெயர் உருபில்லாமல் நடுவில், யாருடைய கதை என்பதும் எவ்வளவு காலம் என்பதும் பக்கத்தில். 60 குறிகளுக்குள் முடிகிறது. காட்சி எதுவும் இல்லை. "இறந்தார்" என்ற சொல்கூடத் தேவைப்படவில்லை. "எட்டு மாதங்கள்" என்பதே சொல்லிவிடுகிறது. விவரப்பகுதியின் முதல் இரண்டு வரிகளில் "கேன்சர்" என்ற சொல்லையும் `mouth cancer` என்பதையும் இயல்பான வாக்கியத்துக்குள் சேர்த்தோம். வெறும் சொற்களாக அடுக்கி வைப்பது விதிமீறலாகிவிடும். ஆகவே வாக்கியமாகவே எழுதுங்கள்.

மஞ்சள் பச்சையானது. தேடலில் வரத் தொடங்க அதைவிடக் கூடுதல் நாள் ஆனது. அதற்குக் குறுக்கு வழி கிடையாது. பொறுமையில்லாமல் நடுவில் மறுபடியும் தலைப்பை மாற்றிவிடாமல் பேரனைத் தடுத்து வைத்தது ஆச்சிதான்.

அறிகுறி: வயது வரம்பு விழுந்திருக்கிறது

நோய், துக்கம் பற்றிய வீடியோவில் இது வந்தால் தலைப்பை மட்டும் திருத்தித் தப்புவது அரிது. முகப்புப் படத்திலோ வீடியோவுக்குள்ளோ மூடாத காயம், அறுவைச் சிகிச்சைக் காட்சி, இறந்தவரின் உடல் நீண்ட நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்களில் நீர்மாலை எடுப்பதிலிருந்து முழுச் சடங்கையும் படம்பிடித்து வைக்கிறோம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக. அந்தப் பதிவை உறவினருக்கு `Unlisted` இணைப்பாக அனுப்பலாம். பொதுவில் போடும் வீடியோவின் முகப்பில் மாலை போட்ட உடலுக்குப் பதிலாக, உயிரோடு இருந்தபோது எடுத்த படத்தை வையுங்கள். முறையீட்டுக்கு இங்கும் ஒரே ஒரு வாய்ப்புதான், `Restrictions` நிரலிலிருந்து.

அறிகுறி: வீடியோ நீக்கப்பட்டு எச்சரிக்கை வந்திருக்கிறது

இது விளம்பர விதி அல்ல, மருத்துவத் தவறான தகவல் பற்றிய விதி. புற்றுநோய் சிகிச்சை பற்றிய அதன் பகுதியை 2023 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பூண்டு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதும், கதிரியக்கச் சிகிச்சைக்குப் பதிலாக வைட்டமின் சி எடுத்துக்கொள்ளுங்கள் என்பதும் அவர்களே தந்த எடுத்துக்காட்டுகள். ஆக, "கேன்சரைக் குணமாக்கிய எங்கள் வீட்டுக் கஷாயம்" என்ற தலைப்பை எப்படித் திருப்பி எழுதினாலும் காப்பாற்ற முடியாது. காப்பாற்றவும் கூடாது. சிகிச்சையின்போது உணவு இறங்காதவருக்கு என்ன கஞ்சி கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லும் வீடியோ வேறு. அதற்கு "புற்றுநோய் சிகிச்சையின்போது விழுங்க எளிதான கஞ்சி" என்ற தலைப்பு உண்மையும் ஆகும், தேடலிலும் கிடைக்கும். "குணமாக்கும்" என்ற ஒரு வினைதான் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

அறிகுறி: தற்கொலையால் வந்த இழப்பைப் பேச வேண்டும், சொல்லை எழுதப் பயமாக இருக்கிறது

தேவகோட்டைப் பக்கம் மகனை இழந்த ஒரு தாய் இதைக் கேட்டார். 2026 ஜனவரியில் விளம்பர விதிகளைத் தளர்த்தினார்கள். தற்கொலை, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, வீட்டு வன்முறை போன்றவற்றைக் கொடூரமான விவரிப்பு இல்லாமல் பேசினால் முழு விளம்பரம் கிடைக்கலாம். குழந்தைகள் மீதான கொடுமையும் உணவு உண்ணும் கோளாறுகளும் அந்தத் தளர்வில் சேரவில்லை. எனவே "தற்கொலை" என்ற சொல்லை வெட்டி எழுத வேண்டிய தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

ஆனால் இந்தத் தலைப்பை நான் பணத்துக்காக எடைபோட மாட்டேன். முறை, இடம், கடிதம் மூன்றும் தலைப்பிலும் வேண்டாம், வீடியோவிலும் வேண்டாம். அதே மனநிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளை அதைப் பார்க்கக்கூடும். தலைப்பின் நடுவில் இறந்த பிள்ளையை அல்ல, உயிரோடு இருக்கிறவர்களை நிறுத்துங்கள். "தற்கொலையால் மகனை இழந்த தாய்: முதல் ஓராண்டு" என்று அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். அதே நிலையில் இருக்கும் பெற்றோர் தேடினால் கிடைக்கும். விவரப்பகுதியின் முதல் வரியில் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐப் போட்டோம். 24 மணி நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம்.

அறிகுறி: வீடியோவின் கீழே ஏதோ பெட்டி வந்திருக்கிறது

உதவி எண்ணோ, நோயைப் பற்றிய தகவல் இணைப்போ உள்ள பெட்டியைப் பார்த்துப் பலர் பதறிவிடுகிறார்கள். அது தண்டனை அல்ல. எதைப் பற்றிய வீடியோ என்று பொறி சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. `Monetization` நிரலைப் பாருங்கள். பச்சை இருந்தால் எதையும் தொடாதீர்கள்.

ஆச்சியின் வீடியோவுக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தது. அதைக் கேட்க அழைத்தபோதே, தேடல் சொற்களின் வரிசையில் "பாக்கு போட்டால் வாய் திறக்க முடியவில்லை" என்று யாரோ தட்டி வந்திருப்பதாகச் சொன்னார். அவர் கணவருக்கும் முதலில் அப்படித்தான் வாய் இறுகியதாம், வீடியோவில் அதைச் சொல்ல மறந்துவிட்டாராம். அதற்குத் தனியாக ஒரு வீடியோ போடலாமா என்று கேட்டார். அந்தத் தேடல் வரியையே தலைப்பின் முன்பாதியாக வைத்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.